மின்னஞ்சலை அப்படியே ஒட்டுவதா, அறிவிப்பாக மாற்றுவதா?

எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிச் செயலாளர் அனுப்பிய மின்னஞ்சல் இது: "எல்லாருக்கும் வணக்கம், நாளை காலை தொட்டி கழுவுறாங்க, மதியம் வரை தண்ணீர் வராது, பிடிச்சு வச்சுக்குங்க, மற்ற விவரம் இணைப்பில்."

இதை அச்செடுத்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினால் வேலை சட்டென்று முடியும், ஆனால் மறுநாள் படிப்பவருக்கு 'நாளை' என்பது இன்னொரு நாளாகிவிடும், தாளில் இணைப்பைத் திறக்கவும் முடியாது.

அறிவிப்பாக எழுதினால் இப்படி வரும்:

அறிவிப்பு
நாள்: 13.06.2025
பொருள்: தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்தல்
14.06.2025 சனிக்கிழமை காலை 8 மணி முதல் மதியம் 1 மணி வரை இரு பிளாக்குகளுக்கும் தண்ணீர் விநியோகம் இருக்காது. குடியிருப்போர் முன்கூட்டியே தண்ணீர் சேமித்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.
– செயலாளர்

வணக்கம் போய்விட்டது, இணைப்பில் இருந்த நேரமும் பிளாக்கும் தாளுக்கே வந்துவிட்டன. அதற்காக 'மேற்படி', 'இதன்மூலம்' என்று அடுக்க வேண்டாம், லிஃப்டுக்குக் காத்திருக்கும் அரை நிமிடத்தில் படித்து முடிக்க வேண்டிய தாள் அது. மின்னஞ்சல் என்றால் சந்தேகத்தைப் பதிலில் கேட்கலாம், தாளில் அது முடியாது என்பதால் கையெழுத்துக்குக் கீழே அலுவலக எண்ணையும் போடுங்கள் (நான் ஒருமுறை விட்டுவிட்டேன், அன்று முழுக்க வாட்ச்மேன்தான் பதில் சொன்னார்).