மூலத்துக்கு என்று மாதக்கணக்கில் விற்கப்பட்ட ஸ்டீராய்டு களிம்பு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பவர்கள், மூலத்துக்கு என்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் களிம்பு வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். லாரி ஓட்டும் என் சித்தப்பாவுக்கு மலம் கழிக்கும்போது எரிச்சலும் சில துளி இரத்தமும் வந்தன. கடைக்காரர் எதையும் விசாரிக்காமல், "மூலந்தாண்ணா, இதைப் போட்டாச் சரியாயிரும்" என்று ஒரு டியூபைக் கொடுத்தார். எரிச்சல் உடனே அடங்கியது. அது தீர்ந்ததும் இன்னொரு டியூப், பிறகு ஆசனவாயில் செருகும் மாத்திரை என்று மாதக்கணக்கில் விற்றுக்கொண்டே இருந்தார். ஒருமுறைகூட பில் கிடையாது.

டியூபின் அட்டையில் பொடி எழுத்தில் மூன்று மருந்துகள் இருந்தன: இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஃபினைலெஃப்ரின், வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கும் பெக்லோமெத்தசோன். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டில்லாமல் அதை விற்கக் கூடாது. மருத்துவர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, ஸ்டீராய்டு கலந்த களிம்பானாலும் செருகும் மாத்திரையானாலும் ஏழு நாளோடு நிறுத்திவிட வேண்டும். ஆசனவாயைச் சுற்றியுள்ள தோல் மெல்லியது, மடிப்பில் எப்போதும் ஈரமாக இருப்பது. நாள்பட ஸ்டீராய்டு பட்டால் அது இன்னும் மெலிந்து வெடிக்கும், அதில் பூஞ்சைத் தொற்றும் எளிதில் பிடிக்கும். மருந்தை நிறுத்தியவுடன் அரிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்புவதால், மூலம் மறுபடி வந்துவிட்டது என்று நினைத்து ஆள் அதே கடைக்கே போய் நிற்பார். சித்தப்பாவும் அப்படித்தான் நின்றார். கடைக்காரருக்கு அது நல்ல வியாபாரம்.

அதைவிட மோசமானது, இரத்தப்போக்கை யாரும் பார்க்காமல் போனது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது ஹீமோகுளோபின் 8 என்று மிகக் குறைவாக வந்தது. மருத்துவர் கையுறை போட்ட விரலால் ஆசனவாயின் உள்ளே தடவிப் பார்த்தார். இத்தனை மாதத்தில் நடந்த முதல் பரிசோதனை அதுதான். பிறகு குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில், சிறிய உள்மூலத்தோடு மலக்குடலில் இரத்தம் கசியும் பாலிப் என்ற ஒரு சதை வளர்ச்சியும் தெரிந்தது. அதை நீக்கித் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நல்லவேளை, புற்றுநோய் இல்லை.

மூலத்தில் பெரும்பாலும் மலம் போன பின் வலியில்லாமல் பளிச்சென்ற சிவப்பாக இரத்தம் சொட்டும். ஆனால் பாலிப்பிலிருந்தும் அப்படியே வரலாம் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது. ஒரு வாரத்தில் நிற்காத இரத்தப்போக்கு, மலத்தோடு கலந்து வரும் இரத்தம், தார் போலக் கரிய மலம், சில வாரங்களாக மாறிவிட்ட மலப் பழக்கம், காரணமில்லாத எடைக் குறைவு, சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் களிம்பை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலோடு ஆசனவாயில் கடும் வலி இருந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். அதற்கு அன்றைக்கே போக வேண்டும். இரத்தம் நிறையப் போய்த் தலைசுற்றினால், தாமதிக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

களிம்பு வாங்கினால் பில்லையும், தொகுதி எண் அச்சிட்ட அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கப் போனபோது எங்கள் கையில் இருந்தது பிதுக்கித் தீர்த்த ஒரு டியூப் மட்டுமே. அதை எந்தக் கடையில் வாங்கினோம் என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை.