பண்டில் தள்ளுபடி என்று ஜெராக்ஸ் பேப்பர் வாங்கி ஏமாந்த கதை

ஆபீஸுக்குப் பேப்பர் வாங்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். நான் படிக்காமல் போட்டேன்.

வழக்கமாக வாங்கும் ஏ4, 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள், ரீம் ஒன்று 300 என்று வைத்துக்கொள்வோம். ரீமுக்கு 500 தாள், ஆக ஒரு தாள் 0.60. புதிதாக வந்த சப்ளையர் அதே 300 விலைதான் சொன்னார், ஆனால் பத்து ரீம் பண்டிலாக எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி, பண்டில் 2,700 என்றார். தாள் 0.54-தானே என்று மனக்கணக்குப் போட்டு நான்கு பண்டிலுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

முதல் பாக்கெட்டை ஜெராக்ஸ் மெஷினில் போட்டபோதுதான் உறுத்தியது. எங்கள் டிரேயில் ஒரு முழு ரீம் போட்டால் மேல்கோடு வரை வந்து நிற்கும். இது ஒரு சென்டிமீட்டர் கீழேயே நின்றது. நூறு தாள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனம். உறையைத் தேடிப் பார்த்தால் ஒட்டு மடிப்புக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 400 தாள் என்று இருக்கிறது! பில்லிலும் ரீம் என்ற சொல்லே இல்லை, 'பாக்கெட்' என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் கணக்கைத் திரும்பப் போட்டேன். பண்டிலில் 4,000 தாள், விலை 2,700, ஒரு தாள் 0.675. தள்ளுபடியே இல்லாமல் பழைய இடத்தில் வாங்கியிருந்தால் 0.60. நான்கு பண்டிலுக்கு 10,800 கொடுத்திருக்கிறேன், அதே 16,000 தாள் பழைய விலையில் 32 ரீம், 9,600-க்கு வந்திருக்கும். தள்ளுபடி வாங்கியதற்கு 1,200 கூடுதலாக அழுதிருக்கிறேன். பத்து சதவீதத் தள்ளுபடி என்றால் பாக்கெட்டில் 450 தாளாவது இருந்தால்தான் பழைய விலைக்கே சமம், அதற்குக் கீழே போனால் நஷ்டம்தான்.

பிரிக்காமல் கண்டுபிடிக்க எடை உதவும். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், அதனால் 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 5 கிராம், முழு ரீம் 2.5 கிலோ. என்னிடம் வந்தது 2 கிலோ. ஆனால் எடையை மட்டும் நம்பாதீர்கள், 70 ஜிஎஸ்எம் என்றால் 500 தாள் இருந்தாலும் 2.2 கிலோகூட வராது. எடை குறைந்தால் தாள் குறைவா, தாளின் கனம் குறைவா என்று உறையில் இரண்டு எண்ணையும் பார்த்தாக வேண்டும்.

போன் போட்டுக் கேட்டால், "உறையிலேயே போட்டிருக்கே சார், நாங்க எதையும் மறைக்கலையே" என்கிறார். ரீம் என்று வாயால் சொன்னதற்கு என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. பிரிக்காத மூன்று பண்டிலை மட்டும் அரை மனதோடு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இப்போது யாரிடம் விலை கேட்டாலும், 500 தாளுக்கு, 80 ஜிஎஸ்எம், தள்ளுபடி போக எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்கிறேன். இப்படிக் கேட்டதும் ஒருவர் பதிலே அனுப்பவில்லை.