பெட்டியா, கமிட்டியா, வட்டக் கையெழுத்தா?

எங்கள் தையல் ஆலை லைனில் முப்பத்திரண்டு பேர். காலர் வைக்கும் மெஷினுக்கு ஒரு மணி நேரத்துக்கு 60 பீஸ் இருந்த டார்கெட் ஒரு திங்கட்கிழமை 75 ஆனது. போர்டில் எண் குறைந்த ஒவ்வொரு மணி நேரமும் சூப்பர்வைசர் கூச்சலிட்டார். மூன்றாம் நாள் பக்கத்து மெஷின் அக்காவின் முகத்தில் துணிக்கட்டை வீசி, எழுதக் கூசும் ஒரு சொல்லையும் சொன்னார். அன்று மாலை பஸ்ஸில் பேசியபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

புகார்ப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாவி நிர்வாக அலுவலகத்தில். பெட்டி கேமராவுக்கு நேர் கீழே தொங்குகிறது. பெயரில்லாத சீட்டு போட்டால் முதலில் நடப்பது கையெழுத்து யாருடையது என்ற ஆராய்ச்சிதான்.

அடுத்தது உள் புகார்க் குழு, நாங்கள் கமிட்டி என்று சொல்வது. வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இது இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாகவும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். விசாரணை நடக்கும்போது அந்த சூப்பர்வைசர் புகார் கொடுத்தவரின் வேலையை மதிப்பிடக் கூடாது என்றும், ஒருவரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் எழுதிக் கேட்கலாம். ஆனால் இந்தச் சட்டம் பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டும்தான். அந்தக் கூசும் சொல் அதில் அடங்கும். 75 பீஸ் அடங்காது. அதைவிட, பாதிக்கப்பட்ட பெண் தன் பெயரில் தனியாக எழுத வேண்டும்.

இங்கேதான் எல்லாம் நிற்கிறது. புகார் கொடுப்பது கடினமில்லை, கொடுத்த மறுநாள்தான் கடினம். பழிவாங்கல் ஒருபோதும் பழிவாங்கல் என்ற பெயரில் வராது. பழகிய மெஷினிலிருந்து எடுத்துப் பழகாத மெஷினில் உட்கார வைப்பார்கள், எண் குறையும், பிறகு 'வேலை சரியில்லை' என்பார்கள். ஓவர்டைம் மற்றவர்களுக்குக் கிடைக்கும், நமக்குக் கிடைக்காது. தனியாக இருப்பவரால் இதை நிரூபிக்க முடியாது, பார்த்தவர்களும் பேச மாட்டார்கள்.

அதனால் நாங்கள் மூன்றாவது வழியை எடுத்தோம்: தொழிற்சங்கம் மூலம் லைனே சேர்ந்து மனு கொடுப்பது. ஆறு வேலைநாள் ஒரு சிறு நோட்டில் எழுதினோம். தேதி, மணி, போர்டில் இருந்த எண், அவர் சொன்ன சொல் அப்படியே, அருகில் இருந்தவர் பெயர். 'கெட்ட வார்த்தை பேசினார்' என்று மட்டும் எழுதினால் அது நிற்காது. அவரவர் உட்காரும் மெஷினையும் வாங்கும் ஓவர்டைமையும் குறித்துவைத்தோம். பிறகு மாற்றினால் காட்டுவதற்கு அதுவே சாட்சி. மனுவின் அடியில் பதினொரு பேர் வட்டமாகக் கையெழுத்துப் போட்டோம். வட்டத்தில் முதல் பெயர் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதே நாளில், அந்த மாதிரிச் சொல்லுக்கு ஆளான இருவர் கமிட்டிக்குத் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். கமிட்டியை நாங்கள் விட்டுவிடவில்லை, பதினொரு பேர் பின்னால் நிற்க அங்கே போனோம்.

இரண்டு வாரத்தில் டார்கெட் 65க்கு இறங்கியது, 60க்கு வரவில்லை. சூப்பர்வைசர் கட்டிங் பகுதிக்கு மாற்றப்பட்டார். அங்குள்ள பெண்களை நினைத்தால் எனக்கு இது முழு வெற்றி இல்லை. எங்களில் ஒருவரைப் பட்டன் மெஷினுக்கு மாற்றினார்கள். நோட்டைக் காட்டிச் சங்கம் பேசிய பிறகு திரும்ப வந்தார்.

இந்த வழியின் முழு வடிவத்தைப் பார்க்க விரும்புபவர்கள் தையல் ஆலையில் பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்க 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யு. தொழிற்சங்கம் முன்நின்று கொண்டுவந்தது. 25 தொழிலாளிக்கு ஒருவர் என்று தையல் தளத்திலேயே கண்காணிப்பாளர்கள். அவர்களும் அங்கே தைப்பவர்கள்தான். பழிவாங்கலுக்குத் தடை உண்டு. நிர்வாகம் மீறினால் ஆர்டர் தரும் பிராண்டுகள் அதன் வியாபாரத்தில் கை வைக்கக் கடமைப்பட்டவை. எங்களிடம் இல்லாதது அந்தக் கடைசிப் பிடிதான். எங்கள் மனு நிர்வாகத்தோடு நின்றது, துணி வாங்கும் கம்பெனியின் மேசைக்குப் போகவில்லை.

சங்கம் இல்லாத ஆலையில் எங்கள் வழி அப்படியே நடக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பத்துப் பேருக்குக் குறைவான ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு மாவட்ட அளவில் உள்ளூர் புகார்க் குழு இருக்கிறது. அங்கே மனு கொடுத்த அனுபவம் எனக்கு இல்லை. எந்த வழியில் போனாலும் நோட்டை ஆலைக்குள் வைக்காதீர்கள். எங்களுடையது பையில் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் தினமும் வீட்டுக்கு வந்தது, ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள்.