மீட்டர் 1000 காட்டினால் போதும் என்று சொல்லி ஹைட்ரோபோனிக்ஸ் செட் விற்கிறார்கள், உஷார்

மண்ணே இல்லாமல் உரம் கலந்த தண்ணீரில் செடி வளர்ப்பதுதான் ஹைட்ரோபோனிக்ஸ். வடசென்னையில் அதற்கு மொட்டை மாடியில் பைப் செட் போட்டுக் கொடுத்து, கூடவே ஒரு பாட்டில் உரக் கரைசலும், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டரும் விற்கும் வியாபாரம் இப்போது சூடாக நடக்கிறது. தண்டையார்பேட்டையில் அப்படி ஒரு செட் வாங்கிய வீட்டில் நடந்ததை இங்கே விவரமாக எழுதுகிறோம். விற்றவர் பெயரைப் போடவில்லை. அவர் சொன்ன அதே மூன்று வாக்கியங்களை வேறு ஆட்களும் சொல்லி விற்கிறார்கள் என்பதால், பெயரைவிட அந்த வாக்கியங்களை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

முதல் வாக்கியம்: "எந்தத் தண்ணியா இருந்தாலும் பரவாயில்லை சார், மீட்டர் 1000 காட்டுற வரைக்கும் ஊத்துங்க."

தொட்டி 100 லிட்டர். ஊற்றியது போர் தண்ணீர். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் தெருக்களில் போர் எவ்வளவு உப்பு என்று அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உரம் ஒரு சொட்டுகூடக் கலக்காமல் அந்த வீட்டுத் தண்ணீரை அதே மீட்டரில் பார்த்தால் 800. ஆக, விற்றவர் சொன்னபடி 1000 வரும்வரை ஊற்றியபோது உரத்தின் பங்காக உள்ளே போனது வெறும் 200.

இந்த மீட்டர் உண்மையில் அளப்பது நீரின் மின் கடத்தும் திறனை, அதாவது இசியை. பிறகு அதை ஒரு எண்ணால் பெருக்கி பிபிஎம் என்று காட்டுகிறது. இந்த மாடலில் இசி 2.0 மில்லிசீமென்ஸ் என்பதுதான் 1000. வேறு சில மீட்டர்கள் அதே தண்ணீரை 1400 என்று காட்டும். அதனால் பிபிஎம் கணக்கில் யாராவது அளவு சொன்னால் கேட்காதீர்கள், இசியில் கேளுங்கள். இசி என்பது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தம். அது சமையல் உப்பான சோடியம் குளோரைடா, உரமான பொட்டாசியம் நைட்ரேட்டா என்று மீட்டருக்குத் தெரியாது. இரண்டும் மின்சாரத்தைக் கடத்தும், இரண்டும் எண்ணை ஏற்றும். ஆனால் செடிக்குச் சாப்பாடு உரம் மட்டும்தான்.

அந்த வீட்டுக் கணக்கு: போர் தண்ணீர் 1.6, கலந்த பிறகு 2.0, உரத்தால் வந்தது 0.4. பாலக்கீரைக்கு உரத்தால் மட்டும் 1.5 அளவுக்கு வர வேண்டும். கிடைத்தது கிட்டத்தட்ட கால் பங்கு. கீழ் இலைகள் முழுசாக வெளுத்து, செடி வளராமல் நின்றுபோனது அதனால்தான். அது நைட்ரஜன் பற்றாக்குறை. சரி, உரத்தைக் கூட்டி ஊற்றலாமே என்றால் மொத்தம் 3-ஐத் தாண்டும். வேர் நீரை இழுக்கத் திணறும், இலை ஓரம் கருகும். கெட்ட தண்ணீரை உரம் ஊற்றிச் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது வாக்கியம், குருத்து இலை மஞ்சளாகிப் போட்டோ அனுப்பியபோது வந்தது: "அது இரும்புச்சத்து குறைவு, நம்மகிட்ட தனி டானிக் இருக்கு."

இது பாதி உண்மை. புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, நடுப்பகுதி மஞ்சளானால் இரும்பு செடிக்குள் போகவில்லை என்று அர்த்தம். ஆனால் தொட்டியில் இரும்பு இல்லாமலில்லை. சிக்கல் பிஎச்சில், அதாவது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணில். தொட்டியின் பிஎச் 7.9. மலிவான கலவைகளில் இரும்பை ஈடிடிஏ என்ற பொருளில் கட்டிப் போடுகிறார்கள். பிஎச் 6.5-ஐத் தாண்டத் தாண்ட அந்தப் பிடி தளர்கிறது. கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, விடுபட்ட இரும்பு துருபோலப் படிந்துவிடும். படிந்ததை வேர் எடுக்க முடியாது. அதே பிஎச்சில் பாஸ்பரஸும் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிறது. பைப் உள்ளே விரலால் தேய்த்தால் வரும் வெள்ளைப் பொருக்கில் அதுவும் சேர்ந்திருக்கும். பிஎச் 5.5-லிருந்து 6.5-க்குள் இருந்தால் எல்லாச் சத்தும் ஒன்றாகக் கரைந்து நிற்கும். டானிக் ஊற்றினால் அந்த இரும்பும் அதே வழியில் படியும். அந்த வீட்டில் இரண்டு பாட்டில் டானிக் அப்படித்தான் வீணானது.

பிறகு பிஎச்சை இறக்க எலுமிச்சை பிழியச் சொன்னார்கள். சாயங்காலம் பிஎச் 6.0, மறுநாள் மறுபடி 7-க்கு மேல். போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய. அமிலம் விட்டால் அது கார்பன் டை ஆக்சைடாக மாறி நீரிலேயே கரைந்திருக்கும், அப்போது பிஎச் இறங்கியதாகத் தெரியும். பம்ப் ஓட ஓட அந்த வாயு வெளியேறி பிஎச் ஏறும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தையோ கிருமிகள் தின்று தீர்த்துவிடும். தோட்டக்காரர்கள் பாஸ்பாரிக் அல்லது நைட்ரிக் அமிலம் பயன்படுத்துவது இதனால்தான். அதைக் கையுறை போட்டு, அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும், அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. விட்டபின் ஒரு ராத்திரி பம்ப் ஓடவிட்டு, காலையில் பார்க்கும் பிஎச்தான் உண்மையான பிஎச்.

மூன்றாவது வாக்கியம்: "அடியில தங்கியிருந்தா குலுக்கி ஊத்துங்க."

குலுக்கக் கூடாது, திருப்பிக் கொடுக்க வேண்டும். அடர்த்தியான கரைசலில் கால்சியம் நைட்ரேட்டும் பாஸ்பேட், சல்பேட் உரங்களும் ஒரே பாட்டிலில் இருந்தால், கால்சியம் அவற்றோடு சேர்ந்து சுண்ணாம்புபோல அடியில் இறங்கிவிடும். தொட்டியில் ஊற்றினாலும் அதில் பெரும்பகுதி கரையாது. அதனால்தான் ஒழுங்கான உரம் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வருகிறது. ஒரே பாட்டில், அடியில் வெள்ளை வண்டல், லேபிளில் சத்து சதவீதம் இல்லை: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வாங்காதீர்கள்.

அந்தத் தொட்டியைக் காலிசெய்து போட்ட கலவை இதுதான். போர் தண்ணீர் 20 லிட்டர், ஆர்ஓ தண்ணீர் 80 லிட்டர். ஆர்ஓ 0.1 என்பதால் கலந்த நீரின் இசி 0.4. மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ கிடைத்தால் முதலில் அளந்து பாருங்கள். 0.5-க்குள் இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். இதில் கால்சியம் நைட்ரேட் 70 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 40 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 15 கிராம், எப்சம் உப்பு 40 கிராம், ஈடிடிஏவுக்குப் பதில் டிடிபிஏ என்ற பொருளில் கட்டிய 11 சதவீத இரும்பு 2 கிராம், கூடவே நுண்ணூட்டக் கலவை அதன் லேபிளில் உள்ள அளவுக்கு. கால்சியம் நைட்ரேட்டையும் இரும்பையும் ஒரு வாளியில் கரைத்து, மற்றதை இன்னொரு வாளியில் கரைத்து, முதல் வாளியைத் தொட்டியில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே இரண்டாவது. இசி சுமார் 1.9 வரும். லெட்யூஸுக்கு என்றால் எல்லாவற்றையும் ஐந்தில் நான்கு பங்காகக் குறையுங்கள். பிஎச்சைக் கடைசியில்தான் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் உரமே அதைக் கொஞ்சம் இறக்கும்.

இலை ஏற்கெனவே வெளுத்தது முழுசாகத் தேறாது. புதிதாக வரும் குருத்தைப் பாருங்கள், அது பச்சையாக வந்தால் கலவை சரி.

தினமும் பார்க்க வேண்டியது நீர்மட்டமும் இசியும். மட்டம் குறைந்து இசி ஏறினால் செடி உரத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கிறது, ஏப்ரல், மே வெயிலில் இதுதான் நடக்கும். ஆர்ஓ தண்ணீர் மட்டும் சேருங்கள். இசி இறங்கினால் உரம் சேருங்கள். குறைந்த மட்டத்தைப் போர் தண்ணீரால் நிரப்பினால் செடி தொடாத சோடியம் வாராவாரம் சேர்ந்துகொண்டே போகும், மீட்டரோ உரம் இருப்பதாகவே காட்டும்.

மீட்டரையும் நம்பிவிடாதீர்கள். இசி மீட்டரை 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசலிலும், பிஎச் மீட்டரை 6.86, 4.01 பொடிகளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தும் சரிபாருங்கள். விற்றவர் இதையெல்லாம் கொடுக்கவே இல்லை.

இதே மாதிரி வாங்கி மாட்டியிருந்தால் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். வண்டலோடு லேபிள் தெரிய ஒரு போட்டோ, உரம் கலக்காத உங்கள் தண்ணீரை மீட்டரில் வைத்து ஒரு போட்டோ, பில், வாட்ஸாப்பில் அவர் சொன்ன அளவுகள், இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் விற்றவரிடம் எழுத்தில் பணம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தண்டையார்பேட்டை வீட்டுக்காரர் பில்லே வாங்கவில்லை, ஜிபேயில் பணம் போன பதிவை வைத்துத்தான் இப்போது புகார் கொடுத்திருக்கிறார்.