சம்பள ஏற்றத்தை எப்படி அறிவிப்பது: அறிவித்தல் பலகையா, தனிக் கடிதமா?

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் அறுபது பேர் வேலை செய்த ஒரு விடுதியின் சம்பளப் பிரிவில் நான் இருந்த காலத்தில், வருடாந்தச் சம்பள ஏற்றம் ஒரே ஒரு தாளில் அறிவிக்கப்பட்டது. "ஜனவரி முதல் 8 சதவீதம் வரை சம்பள ஏற்றம் வழங்கப்படும்" என்று அச்சிட்டு, ஊழியர் உணவறை வாசலில் ஒட்டினார்கள். அதிலிருந்த "வரை" என்ற சொல் எவர் மனத்திலும் தங்கவில்லை. எல்லோரும் எட்டை வைத்தே கணக்குப் பார்த்தார்கள். ஏப்ரல் மாதச் சம்பளச் சிட்டை கைக்கு வந்தபோது, 6 சதவீதம் பெற்றவர்கூடத் தமக்கு 2 சதவீதம் வெட்டப்பட்டதாகவே எண்ணினார்.

பலகையில் ஒட்டும் சுற்றறிக்கையின் பலம், எல்லோருக்கும் ஒரே விதி என்பதைப் பகிரங்கமாகச் சொல்வதில் இருக்கிறது. யார் தகுதியுடையவர், எந்தத் திகதிக்கு முன் சேவையில் சேர்ந்திருக்க வேண்டும், பணி மதிப்பீட்டுக்கு எவ்வளவு பங்கு, சம்பளமற்ற விடுமுறை எப்படிக் கணிக்கப்படும் ஆகிய அளவுகோல்கள் அங்கேதான் இருக்க வேண்டும். மகப்பேற்று விடுமுறை வருகைக் குறைவாகக் கொள்ளப்படாது என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதாவிட்டால் ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தம் விருப்பப்படி முடிவெடுப்பார். தனிக் கடிதத்தில் மட்டும் அளவுகோலைச் சொன்னால், பக்கத்திலிருப்பவருக்கு வேறு அளவுகோலோ என்ற ஐயம் எழும்.

ஆனால் நடைமுறைக்கு வரும் திகதியைப் பொறுத்தவரை சுற்றறிக்கை மட்டும் போதாது. ஏற்றம் ஜனவரி 1 முதல் என்றிருந்தாலும், தீர்மானம் மார்ச்சில் எடுக்கப்பட்டுப் பணம் ஏப்ரல் சம்பளத்துடன் சேர்வது வழக்கம். அடிப்படைச் சம்பளம் 52,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு 6 சதவீத ஏற்றம் என்றால் மாதத்துக்கு 3,120 ரூபாய். ஏப்ரலில் அந்த மாதத்துக்குரிய தொகையும் மூன்று மாத நிலுவையும் சேர்ந்து 12,480 ரூபாய் வரும். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய பங்கான 8 சதவீதம், அதாவது 998.40 ரூபாய் கழிந்தபின், 11,481.60 ரூபாய் கூடுதலாகக் கையில் கிடைக்கும். மே மாதத்திலோ அந்தக் கூடுதல் 2,870.40 ரூபாய்தான். முன்னறிவித்தல் இல்லாதவருக்கு அது சம்பளக் குறைப்பாகவே தெரியும். எங்கள் விடுதியில் மேசைக்கு வந்த முறைப்பாடுகளில் பெரும்பகுதி ஏப்ரலில் அன்றி மே மாதத்தில்தான் வந்தது. "ஏற்றம் நடைமுறைக்கு வரும் திகதி", "பணம் சேர்க்கப்படும் மாதம்", "நிலுவைக்குரிய மாதங்கள்" என்ற மூன்றையும் தனித்தனி வரிகளில், அவரவர் தொகையுடன் எழுத இடந்தருவது தனிக் கடிதம் மட்டுமே.

அந்தக் கடிதத்தைத் தயாரிக்கும்போது நிறுவனத்துக்கும் ஒரு சோதனை கிடைக்கிறது. நிலுவைக்கும் நிறுவனம் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் செலுத்த வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவின் மணிக்கணக்கு அடிப்படைச் சம்பளத்திலிருந்து பெறப்படுவதால், ஜனவரி முதல் மார்ச் வரை செய்த மேலதிக நேரத்தையும் மறுபடி கணிக்க வேண்டும். பலரும் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான். அதனால், ஏற்றம் சேர்வது அடிப்படைச் சம்பளத்திலா வேறொரு கொடுப்பனவிலா என்பதைக் கடிதம் ஒரே வரியில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வட்ஸ்அப் குழுவில் போடும் வழியும் உண்டு. விரைவு ஒன்றே அதன் நன்மை. இரவுப் பணியாளர் தம் கடிதத்தைப் பெறுமுன் பிறருடைய தொகையை அறிந்துவிடுவார். சம்பளத்தை அறிவிக்க அது ஏற்றதல்ல.

தொடர்புக்குரியவரைக் குறிப்பதிலும் சுற்றறிக்கைக்கும் கடிதத்துக்கும் வேறுபாடு உண்டு. பலகையிலுள்ள "மேலதிக விபரங்களுக்கு முகாமையாளரை அணுகவும்" என்ற வரியைப் பார்த்து எவரும் அணுகுவதில்லை. சமையலறையிலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் பேசிக்கொள்வார்கள். கடிதத்தில் ஒருவரின் பெயர், பதவி, உள்ளகத் தொலைபேசி இலக்கம், அவரைச் சந்திக்கக்கூடிய நேரம், எந்தத் திகதிக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்ற அனைத்தும் இருந்தால், தம் தொகையைப் பற்றித் தனியே கேட்க ஊழியருக்குத் துணிவு வருகிறது. திருகோணமலையில் தமிழும் சிங்களமும் பேசுவோர் ஒரே பணிமுறையில் நிற்பதால், இரு மொழியிலும் பதில் சொல்லக்கூடியவரையே குறிப்பிட வேண்டும். இரு மொழிப் பிரதிகளிலும் திகதியும் சதவீதமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று, அவற்றை எழுதாத ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் தேர்வது இரண்டையும் சேர்த்த வழியை: அளவுகோல்களும் பொதுவான திகதிகளும் சுற்றறிக்கையில்; சதவீதமும் தொகையும் நிலுவையும் அவற்றுக்குரிய திகதிகளும் தொடர்புக்குரியவரும் மூடிய உறையிலுள்ள கடிதத்தில். இரண்டும் ஒரே நாளில், சம்பள நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வெளிவர வேண்டும். இரவுப் பணியாளருக்கு உறையை அவர் பணிக்கு வரும் வேளையில் கையிலேயே கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும்.