ஸ்லைடு தொகுப்பிலிருந்து கேள்வி-பதில் பக்கம்: ஒரே நீளப் பக்கமா, வரிசைப் பட்டியலா?

ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் எங்கள் நிறுவனத்தின் பேரோல் பிரிவு, ஊழியர்கள் தங்கள் வருமான வரி அறிவிப்பை நிறுவனத்திடம் எப்படித் தாக்கல் செய்வது என்று விளக்கும் பவர்பாயிண்ட் தொகுப்பு ஒன்றை அனுப்பி வந்தது. அதை இன்ட்ராநெட்டில் கேள்வி-பதிலாக மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தபோது, நாங்கள் பயன்படுத்தும் ஷேர்பாயிண்டில் மூன்று வழிகள் இருந்தன. தொகுப்பை அப்படியே ஒரு பக்கத்தில் பதிப்பது முதல் வழி. மடக்கி விரிக்கும் பகுதிகள் கொண்ட ஒரே நீளப் பக்கமாக எழுதுவது இரண்டாவது. ஒரு கேள்விக்கு ஒரு வரிசை என்ற கணக்கில் லிஸ்ட் என்ற அட்டவணை ஒன்றை அமைத்து, அதைப் பக்கத்தில் காட்டுவது மூன்றாவது. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்; இந்தக் கட்டுரையும் அதன் பக்கமே சாய்கிறது.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தேடலில் ஸ்லைடின் எழுத்துகள் கிடைத்தாலும், முடிவு கோப்பைத்தான் திறக்கும். விடை எந்த ஸ்லைடில் இருக்கிறது என்பதை ஊழியரே புரட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். படமாக ஒட்டப்பட்ட அட்டவணை தேடலில் அகப்படும் என்று நம்பவும் முடியாது.

இரண்டாவது வழி வாசிப்பவருக்கு மிக இனிமையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேள்விகள் மட்டும் வரிசையாகத் தெரியும், வேண்டியதை அழுத்தினால் பதில் அங்கேயே விரியும், கைப்பேசியிலும் நன்றாக இருக்கும். லிஸ்ட் அப்படியன்று. நீண்ட பதில் கட்டத்துக்குள் நெருங்கி நிற்பதால், வரிசையைத் திறந்து பக்கவாட்டுப் பலகையில்தான் வசதியாகப் படிக்க முடிகிறது. லிஸ்டையே மடக்கி விரித்துக் காட்டும் தனி நிரல்கள் உண்டு. ஆனால் அவற்றை நிறுவ நிர்வாகியின் அனுமதி வேண்டும். நான் அவற்றைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை என்பதால் பரிந்துரைக்கவும் இல்லை.

இவ்வளவு குறை இருந்தும் லிஸ்டைத் தேர்ந்ததற்குக் காரணம் பராமரிப்பு ஒன்றுதான். வரி தொடர்பான பதில்கள் அனைத்தும் ஒரே நாளில் பழையதாவதில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால், வெவ்வேறு நேரத்தில் பழையதாகிறது. 2024 ஏப்ரலில் தயாரான ஒரு தொகுப்பு, புதிய வரி முறையிலும் நிலையான கழிவு 50,000 ரூபாய் என்று சொல்லியிருக்கும். அன்றைக்கு அது சரி. அந்த ஆண்டு ஜூலை 23 அன்று தாக்கலான முழு பட்ஜெட் அதை 75,000 ஆக்கியது. பழைய முறையில் 50,000 அப்படியே நின்றது. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில், புதிய முறையில் வரித் தள்ளுபடிக்கான வருமான வரம்பு 7 லட்சத்திலிருந்து 12 லட்சமாக உயர்ந்தது. ஆவணங்களைச் சமர்ப்பிக்க வேண்டிய கடைசித் தேதியோ பட்ஜெட்டுக்குத் தொடர்பில்லாதது. அதை எங்கள் பேரோல் பிரிவே முடிவு செய்கிறது.

நீளப் பக்கத்திலும் இவற்றைத் திருத்த முடியும். ஆனால் அங்கே பதிப்பு வரலாறு முழுப் பக்கத்துக்கும் பொதுவானது. "இந்தப் பதிலை யார், எப்போது கடைசியாகச் சரிபார்த்தார்?" என்று கேட்டால் பக்கம் திருத்தப்பட்ட தேதிதான் கிடைக்கும், நேற்று யாரோ ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தால், ஓராண்டாக எவரும் பார்க்காத பதிலும் நேற்றுச் சரிபார்த்ததைப் போலத் தோன்றும். லிஸ்டில் ஒவ்வொரு வரிசைக்கும் தனி வரலாறு உண்டு. பொறுப்பாளர், மறு ஆய்வுத் தேதி ஆகியவற்றுக்குத் தனிப் பத்திகளும் சேர்க்கலாம். வந்துவிட்ட அல்லது கடந்துபோன மறு ஆய்வுத் தேதிகளைச் சிவப்பில் காட்ட, அந்தத் தேதிப் பத்தியின் வடிவமைப்பில் இதை ஒட்டினால் போதும்:

```json
{
  "$schema": "https://developer.microsoft.com/json-schemas/sp/v2/column-formatting.schema.json",
  "elmType": "div",
  "txtContent": "@currentField",
  "style": {
    "color": "=if(@currentField <= @now, '#ff0000', '')"
  }
}
```

ஆனால் தேதி மட்டும் காப்பாற்றாது. ஏப்ரலுக்கு ஏப்ரல் மறு ஆய்வு என்று வைத்திருந்தால், 2024 ஜூலை மாற்றம் எட்டு மாதங்களுக்கு மேல் எவர் கண்ணிலும் படாமல் போயிருக்கும். ஆகவே "எதனால் மாறும்" என்று மேலும் ஒரு பத்தி வைத்து, அதில் பட்ஜெட், பேரோல் நாட்காட்டி, நிறுவன விதி என்று மூன்று தெரிவுகள் மட்டும் கொடுத்தோம். பட்ஜெட் தாக்கலாகும் நாளில் முதல் தெரிவைக் கொண்டு வடிகட்டினால், அன்றே பார்க்க வேண்டிய வரிசைகள் மட்டும் முன்னால் நிற்கும். இந்த ஒரு பத்திக்காகவே லிஸ்டைத் தேர்ந்தேன் என்று சொன்னாலும் தவறில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களையே மாற்றியமைக்கிறது. பழைய எண்களைச் சொல்லும் பதில்களைத் திரட்டவும் இதே வடிகட்டல் உதவும்.

"எதனால் மாறும்" என்ற பத்தியை நேர்மையாக நிரப்ப முயன்றால், ஸ்லைடை எப்படிப் பிரிப்பது என்பதும் தெளிவாகிவிடுகிறது. எங்கள் தொகுப்பில் "வீட்டு வாடகை" என்ற ஸ்லைடில் இரண்டு குறிப்புகள் இருந்தன: ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் தேவை, ரசீதுகளைப் பேரோல் சொல்லும் தேதிக்குள் பதிவேற்ற வேண்டும். முன்னது அரசு விதி, பின்னது நிறுவனத்தின் நாட்காட்டி. ஒரே வரிசையில் வைத்தால் "எதனால் மாறும்" என்ற பத்தியில் எதை எழுதுவது என்று கை தயங்கும். அந்தத் தயக்கமே அது இரண்டு கேள்வி என்பதற்கு அடையாளம். ஆகவே "வீட்டு உரிமையாளரின் பான் எண்ணை எப்போது தர வேண்டும்?" என்றும், "வாடகை ரசீதை எந்தத் தேதிக்குள் பதிவேற்ற வேண்டும்?" என்றும் பிரித்தோம். "வரி முறைத் தேர்வு" ஸ்லைடும் அப்படியே பிரிந்தது: எதையும் தெரிவிக்காத ஊழியருக்குப் புதிய முறைப்படி வரி பிடிக்கப்படும் என்பது ஒரு பதில், நிறுவனத்தின் போர்ட்டலில் தேர்வை எதுவரை மாற்றலாம் என்பது வேறொரு பதில்.

பதில்களைத் திரட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவர்பாயிண்டின் அவுட்லைன் காட்சியிலிருந்து எழுத்துகளை எடுப்பது எளிது. ஆனால் தனி எழுத்துப் பெட்டிகளிலும் அட்டவணைகளிலும் உள்ளவை அதில் வராது. அவுட்லைனில் தலைப்பு மட்டும் நின்று கீழே வெறுமையாக இருந்தால், அந்த ஸ்லைடைத் திறந்து பார்த்துக் கையால் எடுக்க வேண்டும். பேச்சாளர் குறிப்புகளையும் விடக்கூடாது. ஸ்லைடில் "ஆதாரம் அவசியம்" என்று இரண்டே சொல் இருக்க, எந்த ஆதாரம், எந்த வடிவில் என்ற உண்மையான பதில் பல நேரங்களில் குறிப்பில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் லிஸ்ட் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பதினைந்து கேள்விகளுக்குள் அடங்கி, ஒரே பொறுப்பாளரிடம், ஒரே காரணத்தால் மாறும் பொருளாக இருந்தால், நீளப் பக்கமே போதும். வாசிப்பவருக்கும் அதுவே நல்லது. பல நூறு கேள்விகளுக்கு விரியும் லிஸ்டைப் பராமரித்த அனுபவம் எனக்கு இல்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பழைய தொகுப்பை இருந்த இடத்தில் விட்டுவைக்கக் கூடாது. பழைய மின்னஞ்சல்களின் இணைப்பு வழியே ஊழியர்கள் அதற்கே திரும்பிச் செல்வார்கள். அழித்துவிட்டால் அந்த இணைப்புகள் அறுந்து, தொலைபேசி அழைப்புகள் பேரோல் பிரிவுக்குத்தான் போகும். அதே பெயரில் ஒற்றை ஸ்லைடு கொண்ட கோப்பை அந்த இடத்திலேயே பதிவேற்றி, அதில் புதிய பக்கத்தின் முகவரியை மட்டும் வைத்தோம். பழைய தொகுப்பு கோப்பின் பதிப்பு வரலாற்றில் இருப்பதால், தணிக்கைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.