டாலர் விலையை ஓராண்டுக்குப் பூட்டுவது: சப்ளையருக்குக் கடிதமா, வங்கியில் ஃபார்வர்டா?

கோவையில் பம்ப் பட்டறைகளுக்குப் பேரிங் விற்கும் ஒரு சின்ன இறக்குமதியாளர் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு சீனாவிலிருந்து, பில் டாலரில், ஒரு லாட் 10,000 டாலர். 2022 தொடக்கத்தில் 75 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் அந்த அக்டோபரில் 83-ஐத் தொட்டது. அப்படி ஓர் ஆண்டில் அவருடைய லாபம் முழுக்கக் கரைந்துவிடும். அதனால்தான் "ஒரு வருஷத்துக்கு 84 என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சப்ளையருக்கு எழுதத் தோன்றுகிறது.

டாலர் 84-லிருந்து 88.20 ஆகிறது என்று கணக்குப் போடுவோம். எதுவும் செய்யாவிட்டால் லாட்டுக்கு 8,82,000 ரூபாய்.

முழுப் பூட்டுக் கடிதத்தில் சிக்கல் சப்ளையர் பக்கம் இருக்கிறது. அவருடைய செலவு யுவானில். ரூபாய் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரியாது. ஒப்புக்கொண்டால் விலையிலேயே 4 சதவீதம் ஏற்றிவிடுவார். அப்போது 10,400 டாலரை 84-ஆல் பெருக்கினால் 8,73,600. மிச்சம் 8,400 ரூபாய்தான். ரூபாய் நகராமலே இருந்தால் ஏற்றிய விலை முழுக்க நஷ்டம்.

பங்கீட்டுக் கடிதத்தை அவர் கையெழுத்திட வாய்ப்பு அதிகம். 84-க்கு மேலும் கீழும் 2 சதவீதம் வரை இறக்குமதியாளர் பாடு. அதைத் தாண்டினால் பாதிப்பாதி. டாலர் 5 சதவீதம் ஏறியதால் இவர் தலையில் விழுவது 3.5 சதவீதம், அதாவது 8,69,400. ரூபாய் வலுத்தால் சப்ளையருக்கும் பங்கு உண்டு என்று எழுத வேண்டும். ஒருபக்கச் சலுகையாகக் கேட்டால் பதிலே வராது.

வங்கி ஃபார்வர்டு என்பது பின்னால் வாங்கப்போகும் டாலருக்கு இன்றே விலையை உறுதி செய்யும் ஒப்பந்தம். அதில் ஆறு மாதத்துக்கு 1 சதவீதம் பிரீமியம் என்றால் 84.84, லாட்டுக்கு 8,48,400. கணக்கில் இதுதான் மலிவு. ஆனால் வங்கி லிமிட்டோ மார்ஜினோ கேட்கும். கப்பல் தாமதமானால் ஒப்பந்தத்தை நீட்டிக்கவோ ரத்து செய்யவோ ஆகும் செலவும் நம் தலையில்தான். டாலர் 82-க்கு இறங்கினாலும் 84.84-க்கே வாங்கியாக வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைப்பார், நம்மால் முடியாது.

என் கருத்து: ஆர்டர் உறுதியான லாட்டுக்கு ஃபார்வர்டு, ஆண்டின் மீதிக்குப் பங்கீட்டுக் கடிதம்.

கடிதத்தில் பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. சரிக்கட்டலைப் பணம் அனுப்பும் நாளில் செய்தால், சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் உள்ள தொகையும் வங்கி அனுப்பிய தொகையும் ஒத்துப்போகாமல் விளக்கம் கேட்பார்கள். இன்வாய்ஸ் போடும்போதே தொகையை மாற்றிவிட வேண்டும். வாசகம் இப்படி இருக்கலாம்:

"இன்வாய்ஸ் தேதியின் FBIL வெளியிடும் டாலர்-ரூபாய் குறிப்பு விகிதத்தை 84-உடன் ஒப்பிட்டு, 2 சதவீதத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் பாதியை அதே விகிதத்தில் டாலராக மாற்றி, டாலர் ஏறியிருந்தால் இன்வாய்ஸ் தொகையிலேயே குறைக்கவும் இறங்கியிருந்தால் கூட்டவும் வேண்டும். ஆண்டுக்கு நான்கு லாட் எடுக்க நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்."

மேற்சொன்ன கணக்கில் இன்வாய்ஸ் சுமார் 9,857 டாலருக்கு வரும். கடைசி வரியைப் பார்த்துத்தான் சப்ளையர் முடிவெடுப்பார்.